தரவரிசை விதியா, முதன்மைக் குறியீடா? ஒற்றைப் பெருநகரத்தை அளக்க எதை எடுப்பது

நகரங்களைப் பற்றி ஆய்வேடோ திட்ட அறிக்கையோ எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு நாட்டில் ஒரே ஒரு நகரம் மட்டும் வீங்கிக் கிடக்கிறது என்பது பார்த்தாலே தெரிகிறது. அதை எண்ணில் காட்ட எந்த அளவுகோலை எடுப்பது? முதல் நகரத்தை இரண்டாம் நகரத்தால் வகுப்பதா, நகர மக்களில் எத்தனை சதவீதம் அங்கே வாழ்கிறார்கள் என்று பார்ப்பதா, எல்லா நகரங்களையும் வரைபடத்தில் வைத்துச் சாய்வு கணக்கிடுவதா? ஒரே தரவில் மூன்றும் மூன்று விடை தரும். எந்த விடை எதைச் சொல்கிறது என்று தெரியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அடுத்து எழுதப்போகும் காரணமும் தவறிப்போகும்.

இரண்டு கருத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒப்பீட்டுக்குப் போகலாம். தரவரிசை–அளவு விதியை 1913இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் அவர்பாக் கவனித்துச் சொன்னார். 1949இல் ஜார்ஜ் ஸிஃப் அதைப் பரவலாக அறியச் செய்தார். நகரங்களைப் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசைப்படுத்தினால், இரண்டாம் நகரம் முதல் நகரத்தில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, பத்தாவது பத்தில் ஒரு பங்கு என்று இறங்கும் என்பதே விதி.

```
P(r) = P(1) / r
```

முதன்மை நகரம் என்ற கருத்து 1939இல் அமெரிக்கப் புவியியலாளர் மார்க் ஜெஃபர்சன் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. பல நாடுகளில் முதல் நகரம் அடுத்ததைவிடப் பன்மடங்கு பெரிதாக இருப்பதையும், நாட்டின் செல்வமும் அதிகாரமும் திறமையும் அங்கேயே போய்ச் சேருவதையும் அவர் காட்டினார். இவை இரண்டும் போட்டி விதிகள் என்று பாடப்புத்தகங்கள் எழுதுவதுண்டு. அப்படி இல்லை. ஒன்று முழு வரிசையைப் பற்றியது, மற்றது வரிசையின் தலையை மட்டும் பற்றியது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்துத் தேர்வு செய்வது

அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, நகரத்தின் எல்லையை மாற்றி வரைந்தால் விடை எவ்வளவு ஆடுகிறது? இரண்டாவது, நாட்டின் எல்லையை மாற்றினால் எவ்வளவு ஆடுகிறது? மூன்றாவது, எத்தனை நகரங்களின் தரவு வேண்டும்? நான்காவது, அந்த எண் எந்தக் காரணத்தை நோக்கி நம்மை அழைத்துப் போகிறது?

இவற்றில் முதல் கேள்விதான் எல்லாவற்றையும் கவிழ்க்கக் கூடியது. அளவுகோல்களுக்குப் போகும் முன் அதை ஒரு நாட்டில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

## முதலில் எல்லை: கொழும்பு காட்டும் பொறி

இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபை வாரியாக எண்களை எடுத்து வரிசைப்படுத்துங்கள். கொழும்பு மாநகர சபை சுமார் 5.6 லட்சம். அடுத்து கடுவெல, சுமார் 2.5 லட்சம். அதற்கடுத்து மகரகம, ஏறத்தாழ 2 லட்சம். விதிப்படி வர வேண்டியவை 5.6, 2.8, 1.9. ஆகா, இலங்கை தரவரிசை விதிக்கு அருமையாகக் கட்டுப்படுகிறது, முதன்மை நகரம் என்பதே இங்கே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும்.

ஆனால் கடுவெலவும் மகரகமவும் கொழும்பு மாவட்டத்தில், கொழும்போடு ஒட்டியே கிடப்பவை. தெஹிவளை–கல்கிசை, மொரட்டுவை, ஶ்ரீ ஜயவர்தனபுர கோட்டே ஆகியவையும் அப்படித்தான். காலி வீதியில் கொழும்புக் கோட்டையிலிருந்து மொரட்டுவைவரை பேருந்தில் போகிறவருக்கு எங்கே ஒரு சபை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாது. ஒரே நகரத்தைத் துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டுகளையே முதல் நகரம், இரண்டாம் நகரம், மூன்றாம் நகரம் என்று எண்ணியிருக்கிறோம். துண்டுகளைச் சேர்த்தால் கொழும்பு 15 லட்சத்தைத் தாண்டும். அதற்கு வெளியே, தனியாக நிற்கும் நகரங்களில் பெரியவற்றுள் ஒன்றான கண்டி மாநகர சபையில் அந்த ஆண்டு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்தான். முதல் நகரத்தை இரண்டாவதால் வகுத்து வரும் குறியீடு 2.2இலிருந்து 15க்கு மேல் தாவிவிடுகிறது. தரவு மாறவில்லை, எல்லை மட்டும்தான் மாறியது.

அந்த 15ஐயும் அப்படியே நம்பக் கூடாது. கொழும்புக்குப் புறநகர்களைச் சேர்த்துவிட்டுக் கண்டிக்கு மாநகர சபை எல்லையோடு நிறுத்துவது நியாயமான ஒப்பீடு அல்ல. இலங்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1987இல் பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் கரைக்கப்பட்டன. அதன்பின் மாநகர சபை, நகர சபைப் பகுதிகள் மட்டுமே நகரம் என்று கணக்கிடப்பட, பிரதேச சபைப் பகுதிகள் எவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தாலும் கிராமம் ஆகிவிட்டன. 2012இல் நாட்டின் நகர மக்கள் 18 சதவீதம்தான் என்று வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். கண்டியைச் சுற்றிலும் யாழ்ப்பாணத்தைச் சுற்றிலும் நகரமாகவே வாழும் பெரும் மக்கள்தொகை கணக்கில் கிராமமாகக் கிடக்கிறது.

இதே பொறி தாய்லாந்திலும் இருக்கிறது. நகராட்சிப் பட்டியலில் பாங்காக்குக்கு அடுத்து வருவது நோந்தபுரி. அது ஆற்றோரம் பாங்காக்கோடு ஒட்டிய புறநகர். போதாததற்கு அங்கே வீட்டுப் பதிவேடு வேறு. வேலை தேடி பாங்காக் வந்தவர்கள் பலர் சொந்த ஊர்ப் பதிவேட்டிலேயே பெயரை வைத்திருப்பார்கள். அதனால் 2010 கணக்கெடுப்பில் 83 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் பதிவேட்டில் சுமார் 57 லட்சமாகத் தெரிந்தது.

ஆகவே எந்த அளவுகோலை எடுத்தாலும் முதல் வேலை இதுதான். வரிசையில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வரும் ஊர்களை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். முதல் நகரத்திலிருந்து 30, 40 கிலோமீட்டருக்குள் இருந்து, இடையில் கட்டடங்கள் அறாமல் தொடர்ந்தால், அவற்றைத் தனி நகரமாக எண்ணாதீர்கள். முதல் நகரத்துக்குச் செய்த அதே சேர்க்கையை மற்ற நகரங்களுக்கும் செய்யுங்கள். இந்தியக் கணக்கெடுப்பில் இந்த வேலையில் பெரும்பகுதி முடிந்தே கிடைக்கிறது, மாநகராட்சியோடு ஒட்டிய ஊர்களைச் சேர்த்து நகரத் திரள் என்று தனிப் பட்டியலே தருகிறார்கள்.

## முதல் வழி: முதன்மைக் குறியீடு

மிக எளிமையான வழி, முதல் நகரத்தை இரண்டாவதால் வகுப்பது. விதி சரியாகப் பொருந்தினால் 2 வரும். அதைவிடக் கணிசமாக மேலே போனால் முதன்மை நகரம். இதன் பலவீனம், விடை முழுவதும் இரண்டாம் நகரத்தை நம்பி இருப்பது. அதனால் நான்கு நகரக் குறியீட்டையே பலரும் விரும்புகிறார்கள். முதல் நகரத்தை அடுத்த மூன்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விதிப்படி 1 ÷ (1/2 + 1/3 + 1/4), அதாவது 0.92 வர வேண்டும். இந்த 0.92ஐ மறந்துவிட்டு 1ஐயோ 2ஐயோ எல்லையாக வைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

2011 கணக்கெடுப்பின் முதற்கட்ட எண்களில் இந்தியாவைப் போட்டுப் பார்க்கலாம். மும்பை நகரத் திரள் 184 லட்சம், டெல்லி 163, கொல்கத்தா 141, சென்னை 87. முதலிரண்டின் விகிதம் 1.13. நான்கு நகரக் குறியீடு 184ஐ 391ஆல் வகுக்க 0.47. விதி எதிர்பார்ப்பதில் பாதிதான். இந்தியாவில் முதன்மை நகரம் இல்லை என்பது மட்டுமல்ல, தலையில் மூன்று நகரங்கள் ஏறக்குறைய தோளோடு தோள் நிற்கின்றன.

அதே கணக்கைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் போடுங்கள். சென்னை 87 லட்சம், கோவை 21.5, மதுரை 14.6, திருச்சி 10.2. விகிதம் 4க்குச் சற்று மேல். நான்கு நகரக் குறியீடு 1.88, விதி சொல்வதைப்போல் இரண்டு மடங்கு. அகில இந்தியக் கணக்கில் நான்காவதாக நின்ற அதே நகரம் இங்கே தெளிவான முதன்மை நகரம்.

இங்கேதான் இந்த அளவுகோலின் மறைந்திருக்கும் விலை தெரிகிறது. எங்கே கோடு கிழித்து ‘இது ஒரு நாடு’ என்கிறோமோ, அதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. தமிழ்நாடு தனிச் சந்தை அல்ல. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வேலை தேடும் இளைஞருக்கு அருகில் இருக்கும் பெருநகரம் பெங்களூரு, அது கணக்கிலேயே வராது. மக்களும் பணமும் தடையில்லாமல் கடக்கும் எல்லைக்குள் முதன்மைக் குறியீட்டைக் கணக்கிட்டால், அந்த எண்ணுக்குக் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் உள்ள நாட்டு எல்லைக்குரிய பொருள் கிடையாது.

இதற்கு ஈடாக நல்ல பக்கமும் உண்டு. நான்கு எண்கள் போதும். நூறு ஆண்டு பழைய கணக்கெடுப்பிலும் நான்கு பெரிய நகரங்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். காலப்போக்கில் ஒரே நாட்டில் ஆதிக்கம் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதற்கு இதைவிடக் கையடக்கமான கருவி இல்லை.

## இரண்டாம் வழி: நகர மக்களில் முதல் நகரத்தின் பங்கு

உலக வங்கித் தரவில் நாடுவாரியாகத் தயாராகக் கிடைப்பது இது. அதனால்தான் அதிகம் பயன்படுகிறது, அதனால்தான் அதிகம் ஏமாற்றுகிறது.

தரவரிசை விதி துல்லியமாகப் பொருந்தும் மூன்று கற்பனை நாடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 10 நகரங்கள், ஒன்றில் 100, ஒன்றில் 1,000. முதல் நகரத்தின் பங்கு முறையே 34, 19, 13 சதவீதம் வரும். மூன்றிலும் நகரங்களின் ஒழுங்கு ஒன்றே, யாரும் அளவுக்கு மீறி வீங்கவில்லை. நகரங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பங்கு தானாகவே இறங்குகிறது. சிறிய நாட்டில் பங்கு பெரிதாக இருப்பதை வைத்து ‘அதிகாரக் குவிப்பு’ என்று எழுதுவது ஆதாரமில்லாத பேச்சு.

இலங்கையைப்போல் நகரம் என்ற வரையறையே குறுகலாக உள்ள இடத்தில் வகுக்கும் எண்ணும் பிழையாகிறது. எனவே இந்த அளவுகோலை நாடுகளுக்கிடையே ஒப்பிட எடுப்பதைப் பரிந்துரைக்க முடியாது. ஒரு நகரத்தின் குடிநீருக்கும் சாலைக்கும் நாட்டின் நகர்ப்புற நிதியில் எவ்வளவு போகிறது என்று பார்க்கும்போது, மக்கள் பங்கோடு நிதிப் பங்கை அருகருகே வைக்க உதவும். அந்த வேலைக்கு இது சரியான கருவி.

## மூன்றாம் வழி: சாய்வு

முழு வரிசையையும் பார்க்க விரும்பினால் தரவரிசைக்கும் மக்கள்தொகைக்கும் மடக்கை எடுத்து, நேர்கோடு பொருத்திச் சாய்வைக் காண வேண்டும். எக்ஸெல் போதும். நகரங்களைப் பெரியதிலிருந்து இறக்கி அடுக்கி, தரவரிசையிலிருந்து 0.5 கழித்து மடக்கை எடுங்கள். இந்த 0.5 கழிக்கும் திருத்தத்தை 2011இல் காபே, இப்ராகிமோவ் என்ற இருவர் முன்வைத்தார்கள். இல்லாவிட்டால் நகரங்கள் குறைவாக உள்ள பட்டியலில் சாய்வு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

```
ln(R - 0.5) = a - b * ln(P)
```

இங்கே R தரவரிசை, P மக்கள்தொகை, b சாய்வு. b என்பது 1 வந்தால் விதி பொருந்துகிறது. 1க்கு மேல் போனால் நகரங்கள் அளவில் ஒன்றுக்கொன்று நெருக்கம், கீழே போனால் ஏற்றத்தாழ்வு அதிகம். 1980இல் ரோசன், ரெஸ்னிக் இருவரும் 44 நாடுகளுக்குக் கணக்கிட்டபோது சராசரி 1.14 அளவில் வந்தது. விதி ஏறத்தாழ உண்மை, ஆனால் இரும்பு விதி அல்ல என்பதற்கு அது இன்றும் நல்ல சாட்சி.

தமிழ்நாட்டின் முதல் எட்டு நகரத் திரள்களை இதில் போடுவோம்: 87, 21.5, 14.6, 10.2, திருப்பூர் 9.6, சேலம் 9.2, ஈரோடு 5.2, திருநெல்வேலி 5.0. விடை b = 0.97. விதி அச்சாகப் பொருந்துகிறது என்றுதான் யாரும் எழுதுவார்கள். ஆனால் முதல் வழியில் இதே தரவில் சென்னை கோவையைப்போல் நான்கு மடங்கு என்று பார்த்தோம். எப்படி இரண்டும் உண்மையாகும்?

சாய்வுக் கணக்கில் சென்னை எட்டுப் புள்ளிகளில் ஒரு புள்ளி. மற்ற ஏழும் சேர்ந்து கோட்டை இழுக்கும்போது, தலையில் உள்ள இடைவெளி சராசரிக்குள் கரைந்துவிடுகிறது. இன்னொரு சிக்கல், எட்டு நகரங்களில் கணக்கிட்ட சாய்வின் பிழை அளவு. அதன் சூத்திரம் b × √(2/n), இங்கே 0.49. அதாவது 0.97 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உறுதி மிகச் சொற்பம். எக்ஸெல் தானாகத் தரும் பிழை எண் இதைவிடச் சிறியதாக இருக்கும், அதை நம்பக் கூடாது. தரவரிசைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. 100 நகரங்கள் இருந்தாலும் பிழை 0.14 அளவுக்கு இருக்கும். 50க்குக் குறைவான நகரங்களில் சாய்வை வைத்து முடிவு சொல்லாமல் இருப்பதே நல்லது.

பட்டியலை எங்கே வெட்டுகிறோம் என்பதும் விடையை மாற்றும். ஒரு லட்சத்துக்கு மேல் என்று வெட்டினால் ஒன்று, ஐம்பதாயிரம் என்றால் இன்னொன்று. அறிக்கையில் வெட்டிய இடத்தைக் குறிப்பிடாத சாய்வு எண் பயனற்றது.

## மூன்றையும் அருகருகே

| | முதன்மைக் குறியீடு (4 நகரம்) | முதல் நகரத்தின் பங்கு | சாய்வு |
|---|---|---|---|
| விதி பொருந்தினால் | 0.92 | நகரங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது | 1 |
| தேவைப்படும் தரவு | 4 நகரங்கள் | முதல் நகரம், மொத்த நகர மக்கள் | 50 நகரங்களாவது |
| நகர எல்லை மாறினால் | பெரிதும் ஆடும் | ஆடும் | ஓரளவு தாங்கும் |
| நாட்டு எல்லை மாறினால் | தலைகீழாகலாம் | பெரிதும் மாறும் | குறைவாக மாறும் |
| காட்டாமல் விடுவது | நடுத்தர, சிறு நகரங்கள் | இரண்டாம் நகரம் | முதல் நகரத்தின் தனித்த உயரம் |
| ஏற்ற வேலை | கால ஒப்பீடு, ஆதிக்கம் | நிதிப் பங்கீடு | முழு நகர அமைப்பு |

ஒன்றை மட்டும் எடுக்க முடியும் என்றால் நான்கு நகரக் குறியீட்டை எடுக்கலாம், எல்லைச் சோதனையைச் செய்த பிறகு. ஆனால் குறியீட்டையும் சாய்வையும் இணைக்கும் ஒரு வழி இருக்கிறது. அது இரண்டையும்விட அதிகம் சொல்லும்.

முதல் நகரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டாம் நகரத்திலிருந்து விதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கோவை 21.5 லட்சம் என்றால் விதிப்படி முதல் நகரம் 43 லட்சமாக இருக்க வேண்டும். அந்த 43ஐ அடிப்படையாக வைத்தால் மற்றவை 14.3, 10.8, 8.6, 7.2, 6.1, 5.4 என்று வர வேண்டும். உண்மையில் இருப்பவை 14.6, 10.2, 9.6, 9.2, 5.2, 5.0. சேலத்தைத் தவிர மற்றவை மிக நெருக்கமாக அமர்கின்றன. ஆகவே தமிழ்நாட்டின் இதர நகரங்கள் நலிந்துபோய்ச் சென்னை பெரிதாகத் தெரியவில்லை. அவை தங்களுக்குள் ஒழுங்கான வரிசையில்தான் இருக்கின்றன. அந்த வரிசைக்குத் தேவையான முதல் நகரத்தைப்போல் சென்னை இரண்டு மடங்கு. இந்த ‘இரண்டு மடங்கு’ எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த கேள்வி.

## ஏன் ஒரு நகரம் மட்டும்: காரணங்களையும் ஒப்பிட வேண்டும்

முதன்மை நகரம் என்று உறுதியானதும் பெரும்பாலான கட்டுரைகள் குடியேற்ற ஆட்சி, துறைமுகம், தலைநகரம், தொழில் என்று எல்லாக் காரணங்களையும் ஒரே பத்தியில் அடுக்கிவிடுகின்றன. எல்லா நாட்டுக்கும் எல்லாம் பொருந்தாது. எது எங்கே வேலை செய்தது என்று பிரித்தறிய, ஆதிக்கம் எந்த ஆண்டுகளில் கூடியது என்று பார்க்க வேண்டும்.

நாடு சுருங்கியது. நகரம் வளராமலே முதன்மை நகரமாகலாம். 1910இல் வியன்னாவில் 20 லட்சம் பேர், அது ஐந்து கோடி மக்களின் பேரரசுக்குத் தலைநகரம். பேரரசில் புடாபெஸ்டும் பிராகும் இருந்தன. 1918க்குப் பின் அதே வியன்னா 65 லட்சம் மக்களின் சிறு குடியரசுக்குத் தலைநகரமானது, புடாபெஸ்ட் இன்னொரு நாட்டுக்குப் போனது. இன்றும் வியன்னா சுமார் 20 லட்சம், இரண்டாவதான கிராஸ் 3 லட்சம் அளவில். சென்னையின் கதையில் ஒரு பகுதி இதே வகை. சென்னை மாகாணத்தில் கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அடங்கும். அத்தனைக்குமான துறைமுகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ரயில் தலைமையிடம் சென்னையில் அமைந்தன. 1953இலும் 1956இலும் எல்லைகள் சுருங்கின, நகரம் சுருங்கவில்லை. அந்த இரண்டு மடங்கில் எவ்வளவு இதனால் வந்தது என்று அறிய 1951 கணக்கெடுப்பிலேயே, இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள், அதே பின்னோக்கிய கணக்கைப் போட வேண்டும். அன்றே இடைவெளி இருந்தால் காரணம் பழைய மாகாணம், பிறகு விரிந்திருந்தால் காரணம் பிந்தைய தொழில் கொள்கை.

ஒரே வாசல். கொழும்பின் காரணம் வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே வந்துகொண்டிருந்தன. 1867இல் கண்டிக்கு ரயில் போய் மலைநாட்டுக் கோப்பி கொழும்புக்கு இறங்கத் தொடங்கியது. 1875இல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கி 1885இல் முடித்தார்கள், காலியின் வேலை கொழும்புக்கு வந்தது. பின்னர் தேயிலையும் அதே வழியில் போயிற்று. ரயில் பாதைகளை வரைபடத்தில் பார்த்தாலே புரியும், கிட்டத்தட்ட எல்லாம் கொழும்பில் கூடுகின்றன. ஏற்றுமதிப் பொருள் ஒன்றிரண்டு, வெளியேறும் வாசல் ஒன்று, பாதைகள் எல்லாம் அந்த வாசலுக்கு என்றால் இரண்டாம் நகரம் வளர வணிகக் காரணமே இருக்காது. இந்தியாவில் மும்பை, கொல்கத்தா, சென்னை என்று தனித்தனி உள்நாட்டுப் பரப்போடு வாசல்கள் பல இருந்தன. இந்தியாவின் நான்கு நகரக் குறியீடு 0.47 என்று வந்ததற்கு அடிவேர் அங்கே இருக்கிறது.

அதிகாரம். குடியேற்ற ஆட்சியைக் காரணம் சொல்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய நகரம் பாங்காக். தாய்லாந்து யாருக்கும் குடியேற்ற நாடாக இருந்ததில்லை. 1855இல் பிரிட்டனோடு செய்த பௌரிங் ஒப்பந்தத்துக்குப் பின் அரிசி ஏற்றுமதி பெருகியது, அது சாவ் பிரயா ஆற்று வாய் வழியே போனது. இதுவரை கொழும்பின் கதைதான். அதற்கு மேல், 1890களில் மன்னர் சுலாலங்கோர்ன் மாகாணத் தலைவர்களின் அதிகாரத்தை எடுத்து பாங்காக்கின் உள்துறையில் குவித்தார். இன்றுவரை மாகாண ஆளுநர்களை உள்துறை அமைச்சகமே நியமிக்கிறது, பாங்காக் மட்டும் தன் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரிசி ஏற்றுமதிக்குக் கனத்த வரி போட்டார்கள். அது உள்நாட்டு அரிசி விலையைக் குறைத்தது, அதாவது உழவரிடமிருந்து எடுத்து நகரத்தாருக்குக் கொடுத்தது. 1986இல்தான் அது நீங்கியது. அனுமதிக்கும் சலுகைக்கும் பாங்காக் போயே ஆக வேண்டும் என்றால் தொழிற்சாலையும் அங்கேதான் போகும்.

இது ஒரு நாட்டின் கதை மட்டுமல்ல. 1995இல் ஏட்ஸ், கிளேசர் இருவரும் 85 நாடுகளை ஆராய்ந்து, சர்வாதிகார நாடுகளின் முதல் நகரம் மக்களாட்சி நாடுகளின் முதல் நகரத்தைவிடச் சராசரியாக 50 சதவீதம் பெரிது என்று கண்டார்கள். பெரிய நகரம் இருப்பதால் அதிகாரம் குவிகிறதா, அதிகாரம் குவிவதால் நகரம் பெரிதாகிறதா என்பதையும் அவர்கள் சோதித்தார்கள். இரண்டாவது திசைக்கே ஆதாரம் வலுவாக இருந்தது.

மூடிய சந்தை. அதே ஆய்வில் உயர்ந்த சுங்க வரியும் குறைந்த வெளிவணிகமும் குவிப்போடு சேர்ந்தே வந்தன. மெக்சிகோவை வைத்து 1996இல் க்ரூக்மன், லிவாஸ் இருவரும் காரணத்தை விளக்கினார்கள். இறக்குமதியைத் தடுத்து உள்நாட்டுக்கே உற்பத்தி செய்யும் காலத்தில், வாங்குபவர்கள் மெக்சிகோ சிட்டியில் இருப்பதால் தொழிற்சாலையும் அங்கேயே நிற்கிறது. 1980களின் நடுவில் சந்தை திறந்ததும் வாங்குபவர் அமெரிக்காவுக்கு மாறினார், புதிய ஆலைகள் வட எல்லை மாநிலங்களுக்குப் போயின.

## எந்தச் சூழலில் எதைச் சேர்ப்பது

கல்லூரி ஆய்வேட்டுக்கு, ஒரு நாட்டை மட்டும் பத்துப் பத்து ஆண்டாகப் பார்ப்பதானால், நான்கு நகரக் குறியீடும் பின்னோக்கிய கணக்கும் போதும். ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒரு வரி, பக்கத்தில் அந்தப் பத்தாண்டில் நடந்த பாதை, துறைமுகம், எல்லை மாற்றம். காரணம் தானாகவே கண்ணில் படும். எல்லா ஆண்டுகளுக்கும் இன்றைய நகர எல்லையையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மாநகராட்சி விரிவாக்கம் நடந்த ஆண்டில் மக்கள் திடீரென்று குடியேறியதுபோல் எண் குதிக்கும்.

பல நாடுகளை ஒப்பிடுவதானால் சாய்வையும் குறியீட்டையும் இரண்டு தனிப் பத்திகளாகக் கொடுங்கள், ஒன்றை மற்றதன் பதிலியாக வைக்காதீர்கள். நாட்டின் பரப்பையும் மக்கள்தொகையையும் கட்டுப்படுத்தாமல் சிறு நாட்டையும் பெரு நாட்டையும் சேர்த்துப் பட்டியலிடுவதில் பயன் இல்லை.

கொள்கைப் பரிந்துரை எழுதுபவருக்குக் காரணமே முக்கியம், ஏனென்றால் மருந்து அதைப் பொறுத்தது. ஒரே வாசல் சிக்கலுக்குத் தலைநகரை நகர்த்துவது தீர்வு ஆகாது. 1982இல் இலங்கையின் நாடாளுமன்றம் ஶ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போனது. கொழும்புக் கோட்டையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவு தூரம், ஒரே நகரத்துக்குள் இடம் மாறியதுபோல்தான். வாசல் சிக்கலுக்கு இன்னொரு துறைமுகமும் அதற்குக் குறுக்குப் பாதைகளும் வேண்டும். அதிகாரச் சிக்கலுக்குத் துறைமுகம் கட்டினால் போதாது, வரி வசூலிக்கும் உரிமையும் அனுமதி வழங்கும் உரிமையும் மாகாணத்துக்கு இறங்க வேண்டும். நாடு சுருங்கியதால் வந்த ஆதிக்கத்துக்கோ அவசர மருந்து எதுவும் தேவையில்லை. அது கடந்த கால எல்லையின் எச்சம், மற்ற நகரங்கள் தங்கள் வரிசையில் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதை மட்டும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் பார்த்துக்கொண்டால் போதும்.